இரண்டு விடைகள் சந்திக்கும் கட்டம்

பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில் மாலை நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். குறுக்கெழுத்துப் புதிர் பயிற்சித்தாள். மங்கலான வெளிச்சத்தில் சாய்வாக எடுத்திருப்பார்கள். தாளின் நடுவில் மடிப்பு விழுந்திருக்கும், ஒரு மூலையில் எடுத்தவரின் கைநிழல் படிந்திருக்கும். குறிப்புகளில் பாதி தெளிவாகத் தெரியும், மீதியை ஊகிக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டும் புதிரைச் சரியாக முடிக்கலாம். ஒரு விடை இன்னொன்றோடு சந்திக்கும் கட்டம் அதற்குத் துணை நிற்கும். ஆனால் அந்தக் கட்டம் எப்போது சாட்சி சொல்கிறது, எப்போது சும்மா தலையாட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சங்க இலக்கியப் பாடத்தை ஒட்டிய ஒரு சிறிய புதிரை எடுத்துக்கொள்வோம். ஐந்து கட்டம் அகலம், ஆறு கட்டம் உயரம்.

1 □ □ □ □
□ ■ ■ ■ 2
3 □ □ □ ■
□ ■ ■ □ ■
■ ■ ■ □ ■
□ □ □ 4 5

குறிப்புகள் இவை. அடைப்புக்குறியில் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

இடமிருந்து வலம்: 1. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று (5). 3. அதியமானின் ஊர் (4).
வலமிருந்து இடம்: 5. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று (5).
மேலிருந்து கீழ்: 1. ஐந்திணைகளுள் ஒன்று (4).
கீழிருந்து மேல்: 2. வறண்ட நிலம் (2). 4. …யின் நண்பரான சங்கப் புலவர் (4).

நாலாவது குறிப்பின் தொடக்கம் மடிப்புக்குள் போய்விட்டது. கீழிருந்து இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில் நிழல் விழுந்திருக்கிறது. அது வெள்ளையா கறுப்பா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

விடை தேடுவதற்கு முன் கட்டத்தை ஒரு தாளில் கையால் வரைந்துகொள்வது நல்லது. சாய்த்து எடுத்த படத்தில் மேல் வரிசை குறுகியும் கீழ் வரிசை அகன்றும் தெரியும். படத்தைப் பார்த்தபடியே எண்ணினால் ஒரு கட்டம் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. வரைந்த பிறகு எழுத்து எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ் 1-க்கு நாலு எழுத்து. நிழல் விழுந்த கட்டம் வெள்ளை என்றால் அந்த நெடுவரிசை மேலிருந்து அடிவரை ஆறு கட்டமாக நீண்டுவிடும். எனவே அது கறுப்பு. ஒரு விடைகூடத் தெரியாமலே படத்தின் ஒரு குறை தீர்ந்துவிட்டது.

தமிழ்ப் புதிர்களில் திசை நாலு வகை. படத்தில் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தால் குறிப்பு எந்தத் திசைக்கு உரியது என்பதே தெரியாமல் போகும். அப்போது எண் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். விடை தொடங்கும் கட்டத்தில்தான் எண் இருக்கும். 5 வரிசையின் வலக்கோடியில், அடிக்கட்டத்தில் நிற்கிறது. அதன் மேலே இருப்பது கறுப்பு. ஆகவே அது இடப்பக்கமாகத்தான் போக முடியும். 4-இன் இரு பக்கமும் வெள்ளை இருந்தாலும், இடப்பக்கம் மூன்று கட்டமும் மேலே மூன்று கட்டமும் இருக்கின்றன. இங்கே எண்ணிக்கை மட்டும் போதாது, தலைப்பையும் பார்த்தாக வேண்டும்.

இனி விடைகளுக்கு வருவோம். 1 இடமிருந்து வலம், ஐந்து எழுத்துக் காப்பியம். சிலப்பதிகாரமும் சீவகசிந்தாமணியும் எட்டெழுத்து, குண்டலகேசி ஆறு. மணிமேகலையும் வளையாபதியும் மிஞ்சுகின்றன. இரண்டுக்கும் சரியாக ஐந்து. குறிப்பை எத்தனை முறை படித்தாலும் இவற்றில் எது என்று சொல்லாது.

அதே கட்டத்தில் தொடங்கும் மேலிருந்து கீழ் 1-ஐப் பார்ப்போம். நாலெழுத்துத் திணைகள் மூன்று: குறிஞ்சி, மருதம், நெய்தல். முல்லைக்கு மூன்று எழுத்து, பாலைக்கு இரண்டு. ஆக இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். எல்லாரும் ஒரே முதல் கட்டத்தில் வந்து நிற்க வேண்டும். கு, ம, நெ ஒரு புறம், ம, வ மறுபுறம். பொதுவாக இருப்பது ம மட்டுமே. தனித்தனியே எடுத்தால் எதுவும் உறுதியில்லாத இரண்டு குறிப்புகளும் ஒரே கட்டத்தில் தீர்ந்துவிடுகின்றன. மணிமேகலை, மருதம். மணிமேகலையின் கடைசி எழுத்து லை. அங்கே முடியும் 2-க்கு வறண்ட நிலம், இரண்டெழுத்து, பாலை. வளையாபதி என்றால் அங்கே தி வந்திருக்கும், பாலை நின்றிருக்காது. மணிமேகலைக்கு இப்போது இரு முனையிலும் சாட்சி கிடைத்துவிட்டது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். அவசரத்தில் ஒருவர் மேலிருந்து கீழ் 1-க்கு நெய்தல் என்று எழுதிவிட்டார் என வைத்துக்கொள்வோம். மூன்றாவது எழுத்து த. அதே த-வில் தொடங்குகிறது அதியமானின் ஊரான தகடூர், இன்றைய தருமபுரி. தகடூர் ஐயமில்லாத விடை. அது நெய்தலோடு அழகாகப் பொருந்துவதைப் பார்த்ததும் நெய்தலும் உறுதி என்று தோன்றும். ஆனால் மருதத்துக்கும் மூன்றாவது எழுத்து த தான். அந்தக் கட்டத்தால் குறிஞ்சியைத்தான் விலக்க முடியும். மருதத்தையும் நெய்தலையும் பிரிக்க அதற்குச் சக்தி இல்லை. பொருந்துகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. தவறான விடையாக இருந்திருந்தால் இந்த எழுத்து அதைக் காட்டிக்கொடுத்திருக்குமா என்று கேட்க வேண்டும். காட்டிக்கொடுக்க முடியாத எழுத்து கொடுக்கும் ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

நாலாவது குறிப்பில் இதுவே இன்னும் துலக்கமாகத் தெரியும். நாலெழுத்தில் சங்கப் புலவர் யார்? கபிலர், பரணர், ஔவையார், பேயனார் என்று பெயர்கள் வரிசையாக வரும். கீழிருந்து மேலே போகும் அந்தப் பெயர் தகடூரின் கடைசிக் கட்டத்தில் முடிகிறது. அங்கே இருப்பது ர். நாலு பேரும் ர்-இல்தான் முடிகிறார்கள். மரியாதைப் பன்மையில் பெயர் சொல்லும் மரபு நமக்கு உண்டு, ஆகவே புலவர் பெயரின் கடைசியில் ர் பொருந்துவதில் வியப்பில்லை. ஆண்பால் பெயர்களின் ன், ஊர்ப் பெயர்களின் ர், நூற்பெயர்களின் ம் ஆகியவையும் இப்படித்தான். இறுதிக் கட்டத்தின் ஒப்புதலைத் தமிழ்ப் புதிரில் எப்போதும் குறைத்தே எடைபோட வேண்டும்.

அதன் முதல் எழுத்தை முடிவு செய்வது 5. எட்டுத்தொகையில் ஐந்தெழுத்து நூல்கள் ஐந்து: அகநானூறு, புறநானூறு, குறுந்தொகை, கலித்தொகை, பரிபாடல். 5-இன் இரண்டாவது கட்டமே 4-இன் முதல் கட்டம். அந்த ஐந்து நூல்களின் இரண்டாவது எழுத்துகள் முறையே க, ற, று, லி, ரி. இங்கே நன்னூல் உதவிக்கு வருகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எழுத்து வரிசைகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ஆகவே ற, று, லி, ரி நாலும் ஒரு புலவர் பெயரின் தொடக்கமாக இருக்க முடியாது. எஞ்சுவது க. விடை அகநானூறு. புலவர் யாரென்று தெரியாமலே நூல் தெரிந்துவிட்டது. நூல் கொடுத்த க-வைக் கொண்டு பார்த்தால் பரணரும் ஔவையாரும் பேயனாரும் விலகுகிறார்கள், கபிலர் நிற்கிறார்.

இந்த இலக்கண விதிக்கு ஒரு வரம்பு உண்டு. ராமன், லட்சுமி, டாக்டர் போன்ற சொற்கள் இடம்பெறும் பொதுப் புதிர்களில் இதை அப்படியே பொருத்தினால் தவறிவிடும். சங்க இலக்கியப் புதிரில் தைரியமாக நம்பலாம். உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும், மெய்யெழுத்து முதலில் வராது என்ற இரண்டும் அதைவிடப் பரவலாகப் பயன்படும். சந்திக்கும் கட்டம் ஒரு சொல்லின் தொடக்கமாக இருந்தால் அங்கே புள்ளி வைத்த எழுத்து இருக்க முடியாது. படத்தில் புள்ளி தெரிகிறதா, தூசியா என்ற சந்தேகத்தை இதை வைத்தே பல இடங்களில் தீர்க்கலாம். அதேபோல க், ச், த், ப் என்ற நாலு மெய்களுக்கும் பின்னால் அதே வரிசை எழுத்துதான் வரும். கலித்தொகையின் த்-க்கு அடுத்து தொ வருவது அதனால்தான். மங்கிய கட்டத்துக்கு முந்தைய எழுத்து த் என்று தெரிந்தால், மங்கியிருப்பது த வரிசை எழுத்து.

ஆங்கிலப் புதிரில் சந்திக்கும் கட்டத்தில் 26 எழுத்துகளில் ஒன்று வரும். தமிழில் 247-இல் ஒன்று. க வேறு, கா வேறு, கி வேறு. தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு தமிழில் அவ்வளவு குறைவு. ஆனால் அந்த நன்மை கிடைக்க முழு எழுத்தையும் ஒப்பிட வேண்டும். 'அங்கே ஏதோ ஒரு ககரம் இருக்கிறது' என்று தளர விட்டால் சாட்சியின் பலம் போய்விடும். மங்கலான படத்தில் முதலில் தொலைவதும் இந்த நுணுக்கங்கள்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகத் தெரியும், கி-யின் விசிறியும் கீ-யின் சுழியும் குழம்பும், கையால் எழுதிய துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆறு விடைகளும் நிரம்பிய பிறகு மறுபடி படத்துக்குப் போக வேண்டும். நாலாவது குறிப்பில் மடிப்புக்கு வெளியே தெரிவது '…யின் நண்பரான'. கபிலர் என்றால் மறைந்த பெயர் பாரி, 'பாரியின்' என்பது அந்த 'யின்' உடன் சரியாக ஒட்டுகிறது. ஔவையாரைக் கருதி அதியமான் என்று இருந்திருந்தால் 'னின்' என்று முடிந்திருக்கும். கட்டங்களுக்கு வெளியிலிருந்து வந்த சாட்சி என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். கபிலரும் அகநானூறும் க என்ற ஒரே எழுத்தால் ஒன்றையொன்று தாங்குகின்றன. அப்படித் தாங்கி நிற்கும் இரண்டு விடைகள் சேர்ந்தே தவறாகவும் இருக்கக்கூடும் என்பதால் மூன்றாவது ஒருவரின் சாட்சி தேவைப்படுகிறது.

சந்திப்பே இல்லாத கட்டங்களும் உண்டு. இந்தப் புதிரில் மொத்தம் 19 வெள்ளைக் கட்டங்கள். அவற்றில் ஐந்தில்தான் இரண்டு விடைகள் சந்திக்கின்றன. மீதி 14 கட்டங்களில் எழுத்துப்பிழை இருந்தால் எந்தக் குறுக்குச் சொல்லும் எச்சரிக்காது. அகநானூறு என்பதை ஒரு குழந்தை 'அகநாநூறு' என்று எழுதினால் எண்ணிக்கையும் ஐந்து, க-வும் தன் இடத்தில் இருக்கும், புதிர் முடிந்ததுபோலவே தெரியும். னூ வரும் கட்டத்தை வேறு எந்தச் சொல்லும் தொடவில்லை. அங்கே பாடநூலைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

படத்தை அனுப்புபவரிடம் கேட்டுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளிகள் கரைந்துபோகும். மடிப்பில் மறைந்த ஒரு சொல்லுக்காக இத்தனை சாட்சி தேடும் வேலை அதில் பாதி குறையும்.