யார் பிடித்திருக்கிறார்கள் இந்த ஃபைலை?

2004-ல் நான் வேலை பார்த்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் மிக்ஸிங்குக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஹார்டு டிஸ்க். மினி டிவி கேசட்டை ஃபயர்வயர் கேபிளில் கேப்சர் செய்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். ஒரு கல்யாணத்துக்கு நான்கு கேசட் ஏற்றினாலே டிஸ்க்கில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். அடுத்த வீட்டுக் கேசட்டை ஏற்ற வேண்டுமானால் முந்தையதை அழித்தே ஆக வேண்டும். அப்படி அழிக்கப் போகும்போதுதான் இந்தப் பெட்டி வந்து நிற்கும்:

```
Cannot delete tape3: It is being used by another
person or program. Close any programs that might
be using the file and try again.
```

வேறொரு நபரோ புரோகிராமோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறதாம். அறையில் இருப்பது நான் ஒருவன். திறந்திருந்த புரோகிராம்களை எல்லாம் மூடிவிட்டேன். பிறகு யார்? அதை மட்டும் அந்தப் பெட்டி சொல்லாது.

பதில் தெரியவர எனக்குப் பல மாதங்கள் ஆயின. ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தது எக்ஸ்ப்ளோரர்தான். எந்த ஜன்னலில் நின்று அழிக்கப் பார்த்தேனோ அந்த ஜன்னலேதான். எக்ஸ்பியில் ஒரு வீடியோவின் மேல் ஒரு முறை கிளிக் செய்தாலே போதும். அதன் நீளம் எவ்வளவு, அகல உயரம் என்ன என்று காட்டுவதற்காக எக்ஸ்ப்ளோரர் அதைத் திறந்து படிக்கத் தொடங்கும். நல்ல ஏவிஐ ஃபைல் என்றால் கண்ணிமைப்பதற்குள் படித்து மூடிவிடும். எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை பழைய ஏவிஐயில் கடைசியில்தான் எழுதப்படும். கேப்சர் பாதியில் அறுந்துபோனால் அந்த அட்டவணை இருக்காது. எக்ஸ்ப்ளோரர் அதைத் தேடிக்கொண்டு ஃபைல் முழுவதையும் துழாவிக்கொண்டிருக்கும். சிபியு 100-ல் நிற்கும். நாம் அழிக்க நினைப்பதும் பெரும்பாலும் அப்படி அறுந்துபோன ஃபைலைத்தான். அழிப்பதற்கு அதன் மேல் கிளிக் செய்ய வேண்டும். கிளிக் செய்த கணத்திலேயே அது பிடிபட்டுவிடும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி வந்தாலும் இதே கதைதான்.

அன்று எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் எக்ஸ்ப்ளோரரையே நிறுத்துவது. முதலில் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டாஸ்க் மேனேஜரில் `explorer.exe` என்ற வரியை முடிக்க வேண்டும். டெஸ்க்டாப் ஐகான்களும் கீழே இருந்த பட்டையும் சட்டென்று மறைந்துபோகும். முதல் முறை பார்த்தபோது கம்ப்யூட்டரையே கெடுத்துவிட்டோம் என்று கை நடுங்கியது. வெறும் திரையில் நிற்கும் கறுப்புப் பெட்டியில் இதை அடிப்போம்:

```
del "D:\Capture\tape3.avi"
explorer.exe
```

முதல் வரி அழிக்கும். இரண்டாவது வரி டெஸ்க்டாப்பைத் திரும்பக் கொண்டுவரும். சிலர் `del /f` என்று சேர்த்து அடிப்பார்கள். அந்த `/f` படிக்க மட்டும் என்று குறியிட்ட ஃபைலைத்தான் வற்புறுத்தி அழிக்கும். வேறொன்று பிடித்திருக்கும் ஃபைலிடம் அது செல்லாது. இன்றும் இணையத்தில் அதைத் தீர்வென்று சொல்பவர்கள் இருப்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

விண்டோஸ் ஏன் விடுவதில்லை? ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, தான் திறந்து வைத்திருக்கும்வரை மற்றவர்கள் அதை என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று மூன்று அனுமதிகள். மூன்றாவதற்குப் பெயர் `FILE_SHARE_DELETE`. திறந்து வைத்திருப்பவர்களில் ஒருவராவது அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அழிக்க வருபவருக்கு 32 என்ற பிழை எண் திரும்பும். புரோகிராம் எழுதுபவர்கள் பலர் அந்த மூன்றாவது அனுமதியைப் பற்றி யோசிப்பதே இல்லை. பிழை எண் 32-க்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியும், 'இன்னார்' என்று சொல்லத் தெரியாது. எக்ஸ்பியின் பெட்டி 'நபரோ புரோகிராமோ' என்று பொத்தாம்பொதுவாகப் பேசியதற்குக் காரணம் அதுதான். யுனிக்ஸ் வழியில் வந்த கம்ப்யூட்டர்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே அழிப்பது என்றால் பெயரை நீக்குவது. திறந்து வைத்திருப்பவர் மூடும்வரை உள்ளடக்கம் பெயரில்லாமல் அப்படியே இருக்கும்.

ஆளைக் கண்டுபிடித்துக் காட்டும் கருவி அன்றே இருந்தது, எங்கள் ஸ்டுடியோவுக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்தது. மார்க் ருசினோவிச் உருவாக்கிய ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் Ctrl+F அழுத்தி ஃபைல் பெயரை அடித்தால், எந்த புரோகிராமின் கையில் அது இருக்கிறது என்று தெரியும். அவருடைய நிறுவனத்தை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்தக் கருவி இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பிடியை மட்டும் தனியாக உடைக்கும் வசதியும் உண்டு. ஹேண்டிலை மூடுவது என்பார்கள். அதைப் போலவே வலது கிளிக்கில் ஃபைலை விடுவித்துத் தருகிறோம் என்று வேறு பல சிறு கருவிகளும் அந்த ஆண்டுகளில் கைக்குக் கை பரவின.

அந்த வழியில் நாங்கள் ஒரு முறை நன்றாக அடிபட்டோம். எங்களுடன் இருந்த தம்பி, பழைய டைட்டில் ஃபைல் ஒன்றை அழிக்க அப்படி ஒரு கருவியால் பிடியை உடைத்தான். ஃபைல் போய்விட்டது. மிக்ஸிங் சாஃப்ட்வேருக்கு அந்தச் செய்தி தெரியாது, அது வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. சேமிக்கப் போன நேரத்தில் விழுந்தது. மூன்று மணி நேர வேலை போயிற்று. காரணம் எளிது. புரோகிராம் தன் ஃபைலை ஓர் எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கும். நாம் வெளியிலிருந்து அந்த எண்ணைப் பறித்துவிட்டால், அது அதே எண்ணைச் சொல்லிக் கேட்கும்போது ஒன்றும் இருக்காது. அதைவிட மோசம், அதற்குள் அந்த எண் வேறொரு ஃபைலுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் எழுத்து அதில் போய் விழும். அன்றிலிருந்து நான் பிடியைத் தனியாக உடைப்பதில்லை. புரோகிராமை முறையாக மூடுவேன், முடியாதபோது புரோகிராமையே முழுதாக முடிப்பேன்.

2007-ல் விஸ்டா வெளிவந்தபோது பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் வந்தது. ரீஸ்டார்ட் மேனேஜர் என்ற ஏற்பாடு அது. புதிய சாஃப்ட்வேர் ஏற்றும்போது அடிக்கடி ரீஸ்டார்ட் கேட்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. இந்த ஃபைலை யார் வைத்திருக்கிறார்கள் என்று எந்த புரோகிராமும் அதனிடம் கேட்கலாம். அழிக்கும்போது வரும் பெட்டியும் அந்தத் தலைமுறையிலிருந்து பெயர் சொல்லத் தொடங்கியது.

சென்ற மாதம் ஒரு வரவேற்பு வீடியோவின் வீணான எம்பி4 ஃபைலை அழிக்கும்போது எனக்கு வந்த பெட்டி இது:

```
The action can't be completed because the file
is open in COM Surrogate
```

காம் சரோகேட் என்ற பெயரைப் பார்த்து வைரஸோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது `dllhost.exe`. வீடியோக்களுக்குச் சிறுபடம் எடுப்பது போன்ற வேலைகளை விண்டோஸ் அதற்குள் வைத்து நடத்துகிறது. அன்று எக்ஸ்ப்ளோரர் தன் வயிற்றுக்குள்ளேயே செய்துகொண்டிருந்த வேலையைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். கெட்ட ஃபைலில் சிக்கி விழுந்தாலும் அது மட்டும் விழட்டும், டெஸ்க்டாப் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. அதே பழைய திருடன், வீடு மட்டும் மாறியிருக்கிறான்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். முதலில் பத்து விநாடி பொறுத்து Try Again அழுத்துவேன். சிறுபடம் எடுத்து முடித்திருந்தால் ஃபைல் தானே போய்விடும். போகாவிட்டால் Alt+P அழுத்தி ப்ரிவியூ பலகத்தை மூடிப் பார்ப்பேன். அதற்கும் அசையாவிட்டால் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து ஃபைல் லாக்ஸ்மித். இது மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் 2022-ல் சேர்ந்த கருவி. பிடித்திருக்கும் புரோகிராம்களின் பெயரையும் எண்ணையும் வரிசையாகக் காட்டும், பக்கத்திலேயே முடிக்கும் பொத்தானும் இருக்கும். பட்டியல் வெறுமையாக வந்தால் நிர்வாகி உரிமையுடன் மறுபடி திறக்க வேண்டும், மற்றவர் கணக்கில் ஓடுபவை அப்போதுதான் தெரியும். எதையும் நிறுவ முடியாத கம்ப்யூட்டரில் `resmon` அடித்து, CPU பக்கத்தில் Associated Handles என்ற தேடுபெட்டியில் ஃபைல் பெயரைக் கொடுத்தாலும் போதும்.

பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது பெயரைப் பொறுத்தது. `dllhost.exe` என்றால் தயங்காமல் முடிக்கலாம், தேவைப்படும்போது விண்டோஸ் அதை மறுபடி எழுப்பிக்கொள்ளும். மிக்ஸிங் சாஃப்ட்வேர் என்றால் சேமித்துவிட்டு மூட வேண்டும். ஆன்டிவைரஸ் என்றால் காத்திருக்க வேண்டும். எதற்கும் மசியாத ஃபைலுக்கு அன்றும் இன்றும் ஒரே கடைசி வழி. அடுத்த முறை இயந்திரம் எழும்போது, எந்த புரோகிராமும் அதைத் தொடுவதற்கு முன் அழித்துவிடு என்று குறித்து வைப்பது. ருசினோவிச் தொகுப்பில் உள்ள `movefile` அதைச் செய்யும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் ப்ராம்ட்டில் இப்படி அடிக்க வேண்டும்:

```
movefile "D:\Capture\bad.mp4" ""
```

இரண்டாவது இடத்தில் இருக்கும் வெற்று மேற்கோள்தான் எங்கும் நகர்த்தாதே, அழி என்று பொருள் தருகிறது.

இந்தக் கருவிகள் எல்லாம் கைவிரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இன்றைய ஸ்டுடியோவில் படங்கள் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், வேலை செய்பவர்கள் மூன்று கம்ப்யூட்டரில் இருப்பார்கள். நடுக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபைலை இன்னொரு மேஜையிலிருந்து ஒருவர் திறந்திருந்தால், தேடிப் பார்க்கும்போது System என்ற பெயரும் 4 என்ற எண்ணும்தான் தென்படும். அது விண்டோஸின் கருவே, அதை முடிக்க நினைக்கக் கூடாது. அப்படி வந்தால் ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் `fsmgmt.msc` அடித்து Open Files என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். எந்த ஃபைலை எந்தப் பயனர் திறந்திருக்கிறார் என்று அதில் இருக்கும்.

போன வாரம் அப்படித்தான் ஒரு ஆல்பம் ஃபைல் அழிய மறுத்தது. அந்தப் பட்டியலைத் திறந்தேன். டிசைன் மேஜையின் பெயர் இருந்தது. 2004-ல் எக்ஸ்பி சொன்ன அந்த 'வேறொரு நபர்' இந்த முறை உண்மையாகவே ஒரு நபர். கதவைத் திறந்து, "அண்ணே, பழைய ஆல்பத்தைத் திறந்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்ப்பா, ஒரு போட்டோ அதுல இருந்து எடுக்கணும். அழிச்சிடாத," என்றார்.