ஆறு தேங்காய், சிக்ஸ் கோக்கனட்ஸ்

சந்தைக்குப் போய்வந்த ஒருவர் வீட்டில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "ஆறு தேங்காய், கொஞ்சம் வாழைப்பழம், அஞ்சு கிலோ அரிசி வாங்கினேன். தேங்காயில ஒண்ணு அழுகல்." இந்தப் பேச்சில் 'கள்' என்ற விகுதி ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது. 'ஆறு' என்று சொன்ன பிறகு தேங்காய் பல என்பதை இன்னொரு முறை ஏன் சொல்ல வேண்டும்?

இதைப் பேச்சுவழக்கின் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. அஃறிணைப் பெயருக்குக் 'கள்' கட்டாயமில்லை என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்தே உள்ள மரபு. விகுதி சேராமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பெயரை இலக்கணம் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்கிறது. 'மரம் வளர்ந்தது' என்றால் ஒன்று, 'மரம் வளர்ந்தன' என்றால் பல. எண்ணிக்கையை வினைமுற்று சொல்லிவிடுகிறது.

எண்ணுக்குப் பின் 'கள்' சேர்ப்பது தவறும் அல்ல. 'மூன்று நூல்கள்', 'ஐந்து மாநிலங்கள்' என்று எழுத்தில் இயல்பாகவே வரும். ஆனால் அளவைச் சொற்களோடு அது ஒட்டாது. 'அஞ்சு கிலோக்கள்', 'பத்து ரூபாய்கள்' என்று கடையில் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். 'இரண்டு மணி' என்பது நேரம். 'இரண்டு மணிகள்' என்றாலோ கோயிலில் தொங்குபவை. ஆட்களைச் சொல்லும்போது மட்டும் தமிழ் கொஞ்சம் கண்டிப்பு. 'எனக்கு ரெண்டு பையன்' என்று பேச்சில் சொல்லலாம். ஆனால் 'மூன்று ஆசிரியர் வந்தார்' என்று எழுத முடியாது, 'ஆசிரியர்கள் வந்தார்கள்' என்றுதான் எழுத வேண்டும்.

எண்ணே இல்லாத இடம்தான் இன்னும் சுவையானது. 'வீட்டுல எலி இருக்கு' என்பவர் ஓர் எலியைச் சொல்கிறாரா, பத்து எலியையா? அவருக்கே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 'மாம்பழம் பிடிக்கும்' என்பதும் அப்படித்தான். குறிப்பிட்ட சிலவற்றைச் சுட்டும்போதுதான் 'நான் வாங்கிவைத்த மாம்பழங்கள் எங்கே?' என்று விகுதி தானாக வந்து சேர்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. எண்ணக்கூடிய பொருளைச் சொன்னால், ஒன்றா பலவா என்று ஒவ்வொரு முறையும் காட்டியாக வேண்டும். எலி ஒன்று என்றால் 'எ ரேட்', பல என்றால் 'ரேட்ஸ்'. வெறும் 'ரேட்' அங்கே நிற்காது. 'நாய் பிடிக்கும்' என்பதை அப்படியே 'ஐ லைக் டாக்' என்று மாற்றினால், நாய்க்கறி பிடிக்கும் என்ற பொருள் வந்து தொலைக்கும். பொதுவாக ஓர் இனத்தைச் சொல்ல அங்கே பன்மையே வழக்கம்: 'ஐ லைக் டாக்ஸ்'.

இனிச் சந்தைப் பேச்சை மாற்றிப் பார்ப்போம். ஆறு தேங்காய் 'சிக்ஸ் கோக்கனட்ஸ்' ஆகும். எண் இருந்தாலும் 'ஸ்' போகாது. கொஞ்சம் வாழைப்பழம் 'சம் பனானாஸ்'. அரிசியில் நிதானம் வேண்டும். 'ஃபைவ் கிலோஸ் ஆஃப் ரைஸ்' என்பதில் கிலோவை எண்ணுகிறோம், அதற்கு 'ஸ்' உண்டு. அரிசியை எண்ணுவதில்லை, அதனால் 'ரைஸ்' அப்படியே நிற்கும். அதன் கடைசி ஒலி பன்மை விகுதியும் அல்ல. அழுகிய தேங்காயில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒன்றைத்தானே சொல்கிறோம் என்று 'ஒன் ஆஃப் தி கோக்கனட்' என்பார்கள். ஆறில் ஒன்று என்பதால், எடுத்த கூட்டம் பன்மையாக இருக்க வேண்டும்: 'ஒன் ஆஃப் தி கோக்கனட்ஸ் வாஸ் ராட்டன்'. வினைச்சொல் மட்டும் அந்த ஒன்றைப் பார்த்து ஒருமையாகிறது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று அடிக்கடி காதில் விழுவதும் இதே பிழைதான்.

'ஸ்' போடப் பழகியவர்கள் அடுத்து மறுபக்கம் சாய்வார்கள். 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றெல்லாம் வரும். நாற்காலியை எண்ணலாம், பெட்டியை எண்ணலாம். ஆனால் இந்தச் சொற்களை ஆங்கிலம் அரிசி போலத்தான் நடத்துகிறது.

தமிழ்ப் பேச்சுக்குள் வரும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் முறையே போதும். 'நாலு டிக்கெட் குடுங்க' என்பதில் ஒரு குறையும் இல்லை. எழுத்தில் வேண்டுமானால் 'டிக்கெட்டுகள்'. 'டாக்டர்ஸ்கள்' என்று இரண்டு விகுதியை அடுக்குவதுதான் கண்ணை உறுத்துகிறது.

தமிழ்ப் பழக்கம் ஆங்கிலத்திலும் சரியாகிப்போகும் ஓர் இடம் உண்டு. எண்ணும் பெயரும் சேர்ந்து அடுத்த பெயருக்கு அடையாக முன்னால் நின்றால் அங்கே 'ஸ்' கிடையாது. பத்து ரூபாய் 'டென் ருபீஸ்'. பத்து ரூபாய் நோட்டு 'டென் ருபீ நோட்'. ஆறு வயதுப் பையனும் 'சிக்ஸ் இயர் ஓல்ட் பாய்' தான். அவனுக்கு வயது ஆறு என்று தனியே சொல்லும்போது 'சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்' என்று 'ஸ்' திரும்பிவிடும்.