முந்தானை எந்தத் தோளில்?

பழைய குரூப் போட்டோவிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து மாலையிடும் படமாக்குவது எளிது. அது அவராகவே இருக்கும்படி செய்வதுதான் வேலை.

அகமதாபாத் பழைய நகரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் ஸ்டூடியோவுக்குள் மாலை ஆறு மணிக்கு அண்ணனும் தங்கையும் நுழைகிறார்கள். முந்தைய நாள் தாயைப் பறிகொடுத்தவர்கள். மறுநாள் மாலை 'பேஸ்ணு'. குஜராத்தி வீடுகளில் மறைந்தவரின் படத்துக்கு மாலையிட்டு வைத்திருக்க, உற்றாரும் ஊராரும் வெள்ளை உடையில் வந்து சற்று நேரம் உட்கார்ந்து, கைகூப்பிவிட்டுச் செல்லும் துக்கக் கூட்டம் அது. படம் இல்லாமல் பேஸ்ணு இல்லை.

அவர்கள் ஏற்கெனவே வேறொரு கடையில் படம் செய்து வாங்கியிருந்தார்கள். அதை மேஜைமேல் வைத்த மகள், "முகம் பாவுடையதுதான். உடம்பு யாருடையதோ" என்கிறார். (குஜராத்தியில் 'பா' என்றால் அம்மா.) ஸ்டூடியோக்காரர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "முந்தானை இடது தோளில் போகிறது" என்கிறார்.

பிழை அங்கேதான். நாட்டின் பெரும்பகுதியில் முந்தானை இடது தோள் வழியாகப் பின்னால் போகும். குஜராத்தி முறைக் கட்டில் அது பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் வந்து மார்பில் விரிந்து, அதன் நுனி இடது இடுப்பில் செருகப்படும். முந்தைய கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த 'ரெடிமேட் உடம்பு' ஒன்றில் அம்மாவின் தலையைப் பொருத்திவிட்டார். சேலை அழகானதுதான். கட்டிய விதம்தான் அந்நியம்.

மூலப் படம் 1996-இல் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. ஆறங்குல நீளம், நாலங்குல அகலம், பதினோரு பேர். அம்மா பின்வரிசையில் தலையில் முக்காடுடன் நிற்கிறார். முன்னால் தலைப்பாகையோடு நிற்கும் சிறுவன் அவருடைய வலது தோளையும் பாதி மார்பையும் மறைக்கிறான். பிற்காலத்துச் செல்போன் படங்கள் நிறைய உண்டு. ஆனால் அவையெல்லாம் பக்கவாதம் வந்த பிறகு எடுத்தவை. பிள்ளைகளுக்கு அந்த முகம் வேண்டாம்.

ஸ்டூடியோக்காரர் முதலில் கேட்டது நெகடிவ். அது கிடைத்தால் பிரிண்டில் இல்லாத நுணுக்கங்களும் கிடைக்கும். கிடைக்கவில்லை. பிரிண்டையே ஸ்கேனரில் வைத்து, அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வீதம் பிரதி எடுக்கிறார். பிரிண்டில் முகத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான். அது சுமார் 470 புள்ளிகளாகிறது. 2,400 வைத்தால் புள்ளிகள் இரட்டிக்கும், விவரம் கூடாது; காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும். மகன் கேட்டது 16-க்கு 20 அங்குலப் படம். "10-க்கு 12 போதும். முகம் மூன்றங்குலத்துக்கு மேல் போனால் கண் கரைந்துவிடும்" என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைக்கிறார்.

அடுத்தது தோள். வெளியே தெரியும் இடது தோளைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வலப்புறம் ஒட்டுவது இந்தத் தொழிலின் பழைய குறுக்குவழி. கோட்டுப் போட்ட ஆணுக்கு ஓரளவு ஒத்துவரும். சட்டையிலேயே சிக்கல் தொடங்கும்: பை வலது மார்புக்குப் போய்விடும். இன்னும் மோசம், முகத்தையே திருப்பிவிடுவது. மூக்குத்தி பக்கம் மாறும், வகிடு மாறும். வாடிக்கையாளருக்கு என்ன தவறென்று சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். இந்தப் படத்திலோ இடது தோளில் இருப்பது முக்காட்டின் ஓரம் மட்டுமே. அதைத் திருப்பினால் முந்தானை வந்துவிடாது.

"அந்தச் சேலை வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

இருந்தது. பெட்டியிலிருந்து வந்த சேலை, சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டுச் சாயமேற்றிய கத்தரிப்பூ நிறப் பாந்தணி. படத்தில் அது செங்கல் நிறமாகத் தெரிந்தது. பழைய கலர் பிரிண்டுகளில் சாயங்கள் ஒரே சீராக மங்குவதில்லை, பல படங்கள் காலப்போக்கில் சிவந்துவிடும். சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, துணியின் நிறம் வரும்வரை படத்தின் நிறத்தைத் திருத்துகிறார். துணி சரியாகும்போது முகத்தின் நிறமும் கூடவே திரும்புகிறது.

பிறகு, அம்மாவின் உடல்வாகு கொண்ட மகளே அந்தச் சேலையை அம்மா கட்டுவதுபோல் கட்டிக்கொண்டு நிற்கிறார். கேமராவில் பொருத்திய ஃபிளாஷ் நேர்முகமாக அடிக்க, பத்தடி தள்ளி நின்று, கேமராவை நெஞ்சு உயரத்தில் வைத்து எடுக்கிறார். 1996-இல் எடுத்தவரும் ஏறத்தாழ அப்படித்தான் நின்றிருக்க வேண்டும் என்பதை முகத்தில் விழுந்த வெளிச்சமும் பின்சுவரில் விழுந்த நிழலும் காட்டுகின்றன. ஸ்டூடியோவின் மென்மையான பக்க விளக்கில் எடுத்திருந்தால் கழுத்துக்கு மேல் ஒரு வெளிச்சம், கீழே ஒரு வெளிச்சம் என்றாகியிருக்கும்.

ஃபோட்டோஷாப்பில் முகத்தையும் முக்காட்டையும் கோடு வரைந்து பிரிக்கையில், விளிம்பைவிட இம்மியளவு உள்ளே தள்ளி வரைகிறார். விளிம்பில் பந்தலின் சிவப்பு கசிந்திருக்கிறது. அதையும் சேர்த்து வெட்டினால் வெளிர்நீலப் பின்னணியில் தலையைச் சுற்றி மெல்லிய சிவப்பு நூல் ஓடும். மகளின் படத்திலிருந்து வலது தோளும் முந்தானையும் மட்டும் வருகின்றன. அவை மிகக் கூர்மை. முகமோ பழைய பிரிண்டின் மணல்மணலான முகம். எனவே புதுத் துணியைச் சற்று மங்கவைத்து, அதன்மேல் அதே அளவு மணலைத் தூவுகிறார். முகத்தைத் துணிக்கேற்பக் கூர்மையாக்குவதில்லை. அப்படிச் செய்தால் இல்லாத இமையும் இல்லாத சுருக்கமும் முளைக்கும்.

இரவு பத்து மணிக்கு மகள் திரையைப் பார்க்கிறார். சேலை சரி. தோள் சரி. ஆனால் "தாடையில் மூன்று புள்ளிகள் எங்கே?" என்கிறார். சௌராஷ்டிரத்துக் கிராமத்தில் சிறு வயதில் குத்திய பச்சை. தூசியையும் கீறலையும் துடைக்கும்போது அதையும் தூசி என்று துடைத்துவிட்டிருக்கிறார் ஸ்டூடியோக்காரர். கை வைக்காத ஸ்கேனைத் தனியே வைத்திருந்ததால் புள்ளிகள் அதிலிருந்து திரும்ப வருகின்றன. அதன் பிறகே, கன்னத்தில் விட்டுவைத்திருந்த கோடு ஒன்றைக் காட்டி, தழும்பா, கீறலா என்று கேட்கிறார். கீறல்தான்.

முகத்தை நிழற்படத்திலிருந்தும் உடலை வேறிடத்திலிருந்தும் எடுப்பது இப்பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. ராஜஸ்தானின் நாத்வாராவில் ஸ்ரீநாத்ஜியை வணங்கி நிற்கும் பக்தர் குடும்பத்தின் முகங்களைப் புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டி, உடலையும் உடையையும் ஓவியர்கள் தூரிகையால் தீட்டிய 'மனோரத்' படங்கள் ஒரு காலத்தில் மிகவும் பிரபலம். அங்கே உடல் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பது யாரையும் உறுத்தியதில்லை. படத்தின் நாயகன் கடவுள்.

மறுநாள் காலை பளபளப்பில்லாத தாளில் பிரிண்ட் போடுகிறார்கள். பளபளப்புத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மழைக்காலம் கழிந்தபின் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். இரண்டுக்கும் இடையே இடைவெளி விட, சுற்றிலும் தடித்த அட்டை. மாலை மேலிருந்து இருபுறமும் தொங்கும் என்பதால் தலைக்கு மேல் வழக்கத்தைவிடக் கூடுதல் இடம். மாலை போட்டதும் பாடுபட்டுச் செய்த வலது தோள் பாதி மறைந்துதான் போகும். "மாலை நாளைக்கு வாடும். படம் சுவரில் இருக்கும்" என்கிறார் ஸ்டூடியோக்காரர்.

பிரேமை வாங்கிக்கொண்டு போகுமுன் மகன் பணம் எண்ணுகிறார். ஸ்டூடியோக்காரர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்: பின்னணியின் நிறம், முகத்தின் உயரம் மூன்றங்குலம், கண்கள் மேல்விளிம்பிலிருந்து ஐந்தங்குலம். வீட்டில் அப்பா இருக்கிறார், வயது எண்பத்து மூன்று. அவர் படமும் ஒருநாள் இதன் பக்கத்தில் மாட்டப்படும். அப்போது இரண்டு முகங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.