நான்கு கட்டங்களில் நுண்ணுயிர்க்கொல்லிகள்

மாணவ நண்பர்களே, ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. இவற்றை எப்படி நினைவில் வைப்பது? மருத்துவ மாணவர்கள் ஒரே தாளில் அட்டவணை போட்டுக்கொள்வார்கள். அதில் நான்கு கட்டங்கள் இருக்கும்: மருந்தின் வகை, செயல்படும் விதம், தாக்கும் கிருமிகள், பக்க விளைவு. நாமும் ஒன்று தயாரிப்போம். இரண்டாவது கட்டத்தை முதலில் நிரப்புங்கள். மற்றவற்றில் பெரும்பகுதி அதிலிருந்தே விளங்கிவிடும்.

1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினில் தொடங்குவோம். பாக்டீரியாவின் உள்ளே கரைபொருள்கள் செறிந்திருப்பதால் வெளியிலிருந்து நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அது வெடித்துவிடாமல் காப்பது செல் சுவர். இச்சுவர் பின்னிய வலை போன்றது. வலையின் இழைகளை முடிச்சுப் போட ஒரு நொதி உண்டு. பெனிசிலின் அந்த நொதியைப் பற்றிக்கொள்கிறது. முடிச்சு விழாத சுவர் பலமிழக்க, வளரும் பாக்டீரியா நீரால் உப்பி வெடிக்கிறது.

நம் செல்களுக்குச் சுவர் கிடையாது. எனவே பெனிசிலின் நம்மை அதிகம் தாக்குவதில்லை. ஆனால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். தோலில் தடிப்பு முதல் உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி வரை அது போகலாம். இது மருந்து செயல்படும் விதத்தால் வருவதன்று. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியால் வருவது. ஆகவே இதைத் தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம்? 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வகுத்த சாயமேற்றும் முறையில் ஊதா நிறத்தைத் தக்கவைப்பவை கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள். அவற்றின் தடித்த சுவர் வெளியே தெரிய இருக்கும். கிராம் நெகட்டிவ் வகைக்கோ சுவரின்மேல் இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். பழைய பெனிசிலின் அதைக் கடப்பது கடினம். ஆகவே அது பெரும்பாலும் முதல் வகையையே கொல்கிறது.

அடுத்த மூன்று வகைகளும் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்குகின்றன. பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதினின்று வேறுபட்டதால்தான் இது முடிகிறது.

டெட்ராசைக்கிளின், ரைபோசோமுக்கு அமினோ அமிலம் வந்து சேர்வதைத் தடுக்கிறது. இரு வகைப் பாக்டீரியாக்களுக்குள்ளும் அது புக வல்லது. ஆனால் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். வளரும் பற்களில் படிந்து அவற்றை நிரந்தரமாகப் பழுப்பாக்கும்.

ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் ரைபோசோமைத் தவறாகப் படிக்கவைக்கின்றன. பிழையான புரதங்கள் உருவாகின்றன. பாக்டீரியாவுக்குள் இவை நுழைய ஆக்சிஜன் வேண்டும். எனவே ஆக்சிஜனின்றி வாழும் கிருமிகளிடம் இவை பலிப்பதில்லை. உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை இவை அழிக்கலாம். அச்செல்கள் மீண்டும் வளர்வதில்லை.

எரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுகள், நீளும் புரதச் சங்கிலி வெளியேறும் வழியை அடைக்கின்றன. இவை குடலின் அசைவைத் தூண்டுவதால் வயிற்றுவலி வரலாம்.

இப்போது உங்கள் தாள் இப்படி இருக்கும்:

| வகை | செயல்படும் விதம் | தாக்கும் கிருமிகள் | பக்க விளைவு |
|---|---|---|---|
| பெனிசிலின் | சுவர் கட்டுவதைத் தடுத்தல் | பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் | ஒவ்வாமை |
| டெட்ராசைக்கிளின் | அமினோ அமில வரவைத் தடுத்தல் | இரு வகையும் | பல் நிறமாற்றம் |
| அமினோகிளைக்கோசைடு | தவறான புரதம் | கிராம் நெகட்டிவ், காசநோய்க் கிருமி | செவி, சிறுநீரகப் பாதிப்பு |
| மேக்ரோலைடு | சங்கிலி வெளியேறுவதைத் தடுத்தல் | பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் | வயிற்றுவலி |

இதைப் பயன்படுத்திப் பார்ப்போமா? ஆறு வயதுச் சிறுவனுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் நிமோனியா வந்திருப்பதாகக் கொள்வோம். இக்கிருமிக்குச் செல் சுவரே கிடையாது! சுவர் இல்லாத இடத்தில் பெனிசிலினுக்கு என்ன வேலை? எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. ஆகவே முதல் வரிசையை அடித்துவிடுங்கள். ரைபோசோம் இக்கிருமிக்கும் உண்டு. டெட்ராசைக்கிளின் அதைத் தடுக்கும். ஆனால் சிறுவனின் நிரந்தரப் பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அமினோகிளைக்கோசைடு செவிக்கு ஆபத்து. மிஞ்சுவது மேக்ரோலைடு. மருத்துவர்களும் இத்தகைய நோய்க்கு முதலில் நாடுவது இவ்வகையைத்தான். மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில் 'மைக்கோபிளாஸ்மாவும்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சளிக்காய்ச்சல் உண்டாக்கும் வைரசுக்கோ சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. ஆகவே இந்த நான்கு வரிசைகளில் எதுவும் அதைத் தொடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். மூன்றாவது கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை 1940-களின் தொடக்கத்தில் பெனிசிலின் எளிதில் கொன்றது. இன்று அக்கிருமிகளுள் மிகப் பெரும்பாலானவை பெனிசிலினையே வெட்டி அழிக்கும் நொதியைச் சுரக்கின்றன. மருந்து செயல்படும் விதம் மாறவில்லை, கிருமி மாறிவிட்டது. இரண்டாவது கட்டத்தில் எழுதியது அப்படியே நிற்கும். மூன்றாவதையோ அவ்வப்போது அழித்து எழுத வேண்டியிருக்கும்.