கார்த்திகை எண்ணெயும் வேட்டியின் மஞ்சள் திட்டும்

நல்லெண்ணெய் சிந்திய வெள்ளை வேட்டியைத் துவைத்து உலர்த்தினால் கறை போய்விட்டதாகவே தெரியும். மடித்து பீரோவில் வைத்துவிட்டு, பத்து நாளோ ஒரு மாதமோ கழித்து எடுக்கும்போது, எண்ணெய் விழுந்த அதே இடத்தில் மஞ்சள் திட்டு இருக்கும். இது புதிதாகப் பட்ட கறை அல்ல. துவைத்தபோது போகாமல் தங்கிய எண்ணெய்க்கு அன்று நிறம் இல்லை. நிறம் பீரோவுக்குள் மெல்ல உருவானது.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்குப் பிந்தைய வாரங்களில் இத்தகைய திட்டுகள் தெரிவதற்கு எல்லாக் காரணங்களும் ஒன்றுசேர்கின்றன. 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலை 6 மணிக்கு மகா தீபம் ஏற்றப்பட்டதும், ஊரெங்கும் வீட்டு வாசல்களில் அகல் விளக்குகள் எரியத் தொடங்கும். மலைமேல் எரிவது நெய். அதற்குச் சுமார் 3,500 கிலோ நெய் ஆகிறது. வீடுகளில் எரிவதில் பெரும்பகுதி நல்லெண்ணெய். இரண்டுமே வேட்டியிலும் புடவையிலும் சிந்துகின்றன. ஆனால் துவைத்தபின் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாட்டிலேயே மஞ்சள் கறையின் காரணம் அடங்கியிருக்கிறது.

கறை மறைவது எப்படி

பருத்தி இழைக்குத் தனியாக வெள்ளை நிறம் கிடையாது. அது ஒளி புகக்கூடிய பொருள். இழைகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒளி ஒவ்வொரு எல்லையிலும் சிதறுகிறது. அந்தச் சிதறலே நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, பருத்தியினுடையது ஏறத்தாழ 1.55, நல்லெண்ணெயினுடையது 1.47. எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பும்போது பருத்திக்கும் எண்ணெய்க்கும் இடையே வேறுபாடு குறைந்துவிடுகிறது. ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகிறது. அதனால் எண்ணெய் பட்ட இடம் ஈரம் பட்டதுபோல் மங்கித் தெரிகிறது.

சோப்பும் டிடர்ஜென்டும் இந்த இடைவெளிகளில் நிற்கும் எண்ணெயை எளிதில் இழுத்துக்கொண்டு போகின்றன. அங்கே மீண்டும் காற்று புகுந்ததும் துணி வெண்மை பெறுகிறது. இழையின் மேல் ஒட்டிய மெல்லிய படலமும் இழைக்குள் புகுந்த எண்ணெயும் போகாவிட்டாலும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. துணியில் போடும் நீலமும், சலவைத்தூளில் கலந்திருக்கும் ஒளிர்வெண்மைப் பொருள்களும் இலேசான மஞ்சளையும் மறைத்துவிடுகின்றன.

பருத்தி இழைக்குள் எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கே ஒபெண்டார்ஃப் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்து 1982இல் வெளியிட்டார்கள். நிறைவுறாத எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்மியம் சேர்மத்தைச் செலுத்தி, அது காட்டும் இடங்களை அவர்கள் கவனித்தார்கள். பருத்தி இழையின் நடுவில் ஓடும் வெற்றுக்குழலிலும், முறுக்கிய இழையின் மடிப்புகளிலும் எண்ணெய் தங்கியிருந்தது. டிடர்ஜென்ட் நுரை எளிதில் எட்டாத இடங்கள் இவை.

ஒரு துளியின் கணக்கு

அகலிலிருந்து ஒரு துளி நல்லெண்ணெய் வேட்டியில் விழுகிறது என்று கொள்ளலாம். ஒரு துளி சுமார் 0.05 மில்லி லிட்டர். எடை 46 மில்லிகிராம். அது பரவி ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகிறது. ஒரு சதுர மீட்டர் 100 கிராம் எடையுள்ள வேட்டியில் அந்த வட்டத்தில் இருக்கும் பஞ்சு 0.2 கிராம் மட்டுமே. துவைத்தபின் பத்தில் ஒரு பங்கு எண்ணெய், அதாவது சுமார் 5 மில்லிகிராம், மிஞ்சினால் போதும். அந்தப் பஞ்சிழைகளின் மொத்த மேற்பரப்பு 350 சதுர சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், மிஞ்சிய எண்ணெயின் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு கனமே இருக்கும்.

இவ்வளவு மெல்லிய படலத்துக்கு இரண்டு விளைவுகள் உண்டு. எண்ணெயின் சொந்த நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்குகிறது. அதேசமயம் எண்ணெயின் ஒவ்வொரு பகுதியும் காற்றுக்கு நேரே திறந்திருக்கிறது. பாட்டிலில் இருக்கும் எண்ணெய்க்கு மேற்பரப்பில் மட்டுமே ஆக்சிஜன் கிடைக்கும். துணியில் தங்கிய எண்ணெய்க்கு எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு லினோலிக், 40 விழுக்காடு ஓலிக். லினோலிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும், அவற்றுக்கு நடுவே ஒரு கார்பனும் இருக்கின்றன. அந்தக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் தளர்வாகப் பிடிக்கப்பட்டது. அது பறிபோன இடத்தில் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்துகொள்ள, எண்ணெய் பெராக்சைடாகிறது. இந்த மாற்றத்தின் நடுவே உருவாகும் மூலக்கூறு பக்கத்து லினோலிக்கின் ஹைட்ரஜனையும் பறிப்பதால், வினை சங்கிலியாக நீள்கிறது.

பெராக்சைடுகளும் நிலைப்பதில்லை. அவை உடைந்து ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன. பழைய எண்ணெயில் வரும் காறல் வாடை இவற்றிலிருந்தே வருகிறது. ஆல்டிஹைடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இரட்டைப் பிணைப்புகள் வரிசையாகத் தொடரும் நீண்ட மூலக்கூறுகளாகின்றன. அத்தகைய அமைப்பு நீல ஒளியை உறிஞ்சும். மீதி ஒளி மஞ்சளாகத் தெரியும். துணியில் தங்கிய வியர்வையின் நைட்ரஜன் சேர்மங்களோடு ஆல்டிஹைடுகள் கலந்தால் மஞ்சள் மேலும் அடர்ந்து பழுப்பாகும். இன்னொரு புறம், எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிசினாக இறுகுகின்றன. புதிய எண்ணெயைக் கரைத்த சோப்பு பழைய கறையை அசைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

இந்த வினை தொடக்கத்தில் மிக மெதுவாக நடக்கிறது. நல்லெண்ணெயில் இயல்பாகவே சீசமால் போன்ற காப்புப் பொருள்கள் உண்டு. அவை சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். அவை தீரும்வரை நிறமாற்றம் தெரியாது. தீர்ந்ததும் வேகம் திடீரென ஏறுகிறது. நாள்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டுக் கறை சட்டெனத் தோன்றுவதன் காரணம் இந்தக் காத்திருப்புக் காலம்.

நெய்யின் கதை வேறு. அதன் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்றது; லினோலிக் சில விழுக்காடுதான். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 90 விழுக்காடு. இவை காற்றில் எளிதில் மாறுவதில்லை. எனவே இவை மிஞ்சினால் மஞ்சளைவிட, பிசுக்கில் ஒட்டும் தூசியே கறையாகும்.

விளக்கு எண்ணெய் ஏன் விரைவில் மஞ்சளாகிறது

பாட்டிலிலிருந்து நேரே சிந்திய நல்லெண்ணெயைவிட, எரிந்த விளக்கிலிருந்து சிந்தியது வேகமாக மஞ்சளாகும். சுடரின் அருகே அது சூடேறியிருக்கிறது; பெராக்சைடுகள் முன்பே உண்டாகி, காப்புப் பொருள்களும் பெருமளவு தீர்ந்திருக்கின்றன. குத்துவிளக்காக இருந்தால் இன்னொரு காரணமும் சேர்கிறது. பித்தளையில் செம்பு உண்டு. எண்ணெயின் அமிலத்தில் செம்பு கொஞ்சம் கரைந்து, எண்ணெயைப் பச்சையாக்குகிறது. பெராக்சைடுகளை உடைத்து வினையை விரைவுபடுத்துவதில் செம்பு மிக வலிமையானது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதன் வேலை தெரியும். நீரில் இருக்கும் இரும்பும் ஓரளவு இதையே செய்கிறது.

இதன்மேல் துவைத்த துணியை இஸ்திரி போடுவது கறையை முன்கூட்டியே வரவழைக்கிறது. ஒவ்வொரு 10 டிகிரி வெப்ப உயர்வுக்கும் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிப் பெட்டியின் சூடு 200 டிகிரி அளவில் இருக்கும்.

எண்ணெய்க் கறைதானா

எல்லா மஞ்சளும் எண்ணெய் இல்லை. மஞ்சள் தூளின் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், வெயிலில் வெளுக்கும். துரு ஆரஞ்சு நிறத்தில் புள்ளியாக நிற்கும். சரியாக அலசாமல் தங்கிய சோப்பு, கடினநீரில் சுண்ணாம்புச் சோப்பாகி, திட்டாக இல்லாமல் துணி முழுதும் மங்கலாகப் படியும். எண்ணெய்த் திட்டு சிந்திய வடிவத்திலேயே விளிம்பு தெரிய இருக்கும். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால், சுற்றியுள்ள துணி உடனே உறிஞ்ச, திட்டில் மட்டும் நீர் சற்று நின்று இறங்கும். முகர்ந்தால் காறல் வாடை வரலாம்.

இரண்டு வேலைகள்

கறை போக எண்ணெயையும் நிறத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வெளுப்புத்தூளை மட்டும் போட்டால் நிறம் சிதைந்து துணி வெள்ளையாகும். இழைக்குள் எண்ணெய் இருந்தால் சில வாரங்களில் மஞ்சள் மறுபடி வரும்.

புதிய கறையானால் துணியை நனைக்கும் முன்பே அரிசி மாவையோ முகப்பவுடரையோ தூவி எண்ணெயை உறிஞ்சவைக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை நீர் கலக்காமல் தடவி கால்மணி நேரம் விட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் டிடர்ஜென்ட் போட்டுத் துவைக்கலாம். கொழுப்பை வெட்டும் லிபேஸ் நொதி உள்ள சலவைத்தூள் உதவும். இந்த நொதி 1988இல் சந்தைக்கு வந்தது. துணி அரையீரமாக உலரும்போதே அது அதிகம் வேலை செய்கிறது. வெட்டப்பட்ட கொழுப்பு இரண்டாம் துவைப்பில் போகும். எனவே ஒரே கறைக்கு இரண்டு முறை துவைப்பது வீணில்லை. கறை போனது உறுதியாகும் வரை இஸ்திரி வேண்டாம்.

திட்டு ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டால், முதலில் சோடா உப்பு கலந்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். வண்ணார் வெள்ளாவி வைத்ததில் இதே வேதியியல்தான் இருந்தது: உவர்மண்ணில் உள்ள சோடா உப்பும் நீராவியும் சேர்ந்து, இழைக்குள் இருக்கும் எண்ணெயைச் சோப்பாக்கி வெளியே கொண்டுவந்தன. அதன்பின் ஆக்சிஜன் வெளுப்புத்தூளைச் சுமார் 50 டிகிரி வெந்நீரில் கலந்து சில மணி நேரம் ஊறவைத்தால், நிறம் தரும் இரட்டைப் பிணைப்பு வரிசை அறுபடும்.

இதற்கு எல்லைகள் உண்டு. பட்டு வேட்டிக்கும் பட்டுப் புடவைக்கும் சோடா உப்பும் வெந்நீரும் ஆகாது. பட்டின் புரதம் கெடும். அவற்றை உலர்சலவைக்குக் கொடுப்பதே வழி. டெரிகாட்டன் துணியில் உள்ள பாலியெஸ்டர் எண்ணெயை இறுகப் பற்றுவதால், சிந்திய அன்றே துவைக்காவிட்டால் திட்டு முழுதாக நீங்குவது அரிது. பல மாதம் பிசினாக இறுகிய கறையின் மஞ்சளைக் குறைக்கலாம். இழைக்குள் இறுகிய பிசினை வீட்டுச் சலவை முழுதாக எடுக்காது.