சாம்பல் நிறம் தெரியாத பிரிண்டர்

ஜெராக்ஸ் கடையில் இருக்கும் சாதாரண லேசர் பிரிண்டருக்குள் இருப்பது ஒரே ஒரு தூள்: கறுப்பு டோனர். சாம்பல் நிறத்துக்கென்று தனித்தூள் எதுவும் அதில் இல்லை. சாம்பலைக் காட்ட வேண்டுமென்றால், கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுத் தாளில் பதிக்கும். எட்ட இருந்து பார்க்கும்போது, நம் கண் அந்தப் புள்ளிகளைக் கலந்து சாம்பலாக எடுத்துக்கொள்கிறது. ரெஸ்யூமே கணினித் திரையில் பளிச்சென்று இருந்துவிட்டுத் தாளில் மங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பி.காம். முடித்த ஒருவர் நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோகும் ரெஸ்யூமேயை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வடிவம். இடப்பக்கம் அடர்நீலப் பட்டை. அதன்மேல் வெள்ளை எழுத்தில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். தலைப்புகள் வான நீலம். மற்றதெல்லாம் Calibri Light எழுத்துருவில், 10 புள்ளி அளவில், வெளிர் சாம்பல் நிறத்தில். தாளின் ஓரம் வரை செய்திகள். இது தாளில் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மெல்லிய எழுத்து

பல அலுவலக பிரிண்டர்கள் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் பதிக்கும். அப்படியென்றால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.04 மில்லிமீட்டர். 10 புள்ளி அளவுள்ள மெல்லிய எழுத்தின் ஒரு கோடு ஏறக்குறைய நான்கு புள்ளி அகலம்தான் இருக்கும். கறுப்பில் அடித்தால் நான்கும் முழுதாக விழும். கோடு மெலிந்திருந்தாலும் அறுபடாது. அதையே சாம்பலில் அடிக்கச் சொன்னால் பிரிண்டர் புள்ளிகளை விட்டுவிட்டுப் பதிக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கோலத்தின் ஒரு கட்டமே எழுத்தின் கோட்டைவிட அகலமாக இருக்கக்கூடும். அதனால் கோட்டின் விளிம்பு அரித்ததுபோல் ஆகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆங்கில ‘e’ எழுத்தின் குறுக்குக்கோடு துண்டு துண்டாகக் கிடக்கும். தமிழில் அச்சிட்டால் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி.

கடைகளில் டோனரை மிச்சப்படுத்தும் ‘டிராஃப்ட்’ முறை இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது கறுப்பு எழுத்திலும் தூளைக் குறைத்துவிடும். ஆகவே பிரிண்ட் கொடுக்கும் முன் “டிராஃப்ட்ல இருந்தா எடுத்துட்டு, நார்மல்ல போடுங்க அண்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

தீர்வு எளிது. எழுத்தின் நிறம் முழுக் கறுப்பு. ‘Light’ என்று முடியும் எழுத்துருவுக்குப் பதிலாக அதே குடும்பத்தின் சாதாரண எழுத்துரு. அளவு 10.5 அல்லது 11. ஊர்ப்பெயர், ஆண்டு போன்ற துணை விவரங்களை அடக்கிக் காட்ட வேண்டுமானால், சாம்பலாக்காமல் எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்தால் போதும்.

நிறமும் நிழலும்

வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நம் கண்ணுக்கு எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அதற்கே கூடுதல் மதிப்பு கொடுப்பது வழக்கம். பச்சைக்கு ஏறக்குறைய 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்பது வெகுகாலமாகப் புழங்கும் ஒரு கணக்கு. பிரிண்டருக்குப் பிரிண்டர் இது சற்று மாறலாம். இந்தக் கணக்கில் நம் பி.காம். பட்டதாரியின் வான நீலத் தலைப்பு பாதிச் சாம்பலாகிவிடும். அதாவது, பக்கத்திலேயே எடுப்பாக இருக்க வேண்டிய வரி, கீழே உள்ள கறுப்பு வரிகளைவிட மங்கிப்போகும். ஆரஞ்சு நிறம் அதைவிட வெளிறும். அடர்நீலமும் அடர்சிவப்பும் கறுப்பை ஒட்டி நிற்கும். வண்ணம் வேண்டும் என்பவர்கள் அந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

பட்டைக்கு வேறு சிக்கல். லேசர் பிரிண்டரில் டோனர் தூள் சூட்டில் உருகி, உருளையின் அழுத்தத்தில் தாளோடு ஒட்டுகிறது. அப்போது சற்றே பரவவும் செய்யும். கறுப்பு எழுத்துக்கு அது தெரியாது. அடர்ந்த பட்டைக்கு நடுவே உள்ள வெள்ளை எழுத்துக்கோ இருபுறமும் தூள் நெருங்கிவர, எழுத்தின் வயிறு அடைந்துபோகும். 8 எது, 6 எது என்று தெரியாமல் போவது இங்கேதான். அந்தத் தாளை அலுவலகத்தில் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்துவிட்டால் கைபேசி எண்ணை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விபத்தும் உண்டு. உலாவியிலிருந்து நேராகப் பிரிண்ட் கொடுத்தால், ‘Background graphics’ என்ற பெட்டியில் டிக் இல்லாதபோது பின்னணி நிறம் அச்சாவதில்லை. பட்டை போய்விடும், அதன்மேல் இருந்த வெள்ளை எழுத்து வெள்ளைத் தாளில் மங்கியோ தெரியாமலோ போகலாம். வேலைக்குக் கூப்பிட வேண்டிய எண்ணைப் படிக்க முடியாமல் போகலாம்.

ஆகவே தொடர்பு விவரங்களைப் பட்டையிலிருந்து எடுத்து, பெயருக்குக் கீழே கறுப்பில் ஒரே வரியாக வைப்பதுதான் சரி. பகுதிகளைப் பிரிக்க அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளி வரை தடிமன் உள்ள கறுப்புக் கோடு போதும். மதிப்பெண் அட்டவணையின் தலைவரிக்கு நிழல் வேண்டுமானால் 10 சதவீதத்தோடு நிறுத்தி, மேலே தடித்த கறுப்பு எழுத்தை வைக்கலாம்.

ஓரம்

சாதாரண பிரிண்டரால் தாளின் விளிம்பு வரை அச்சிட முடியாது. பல லேசர் பிரிண்டர்கள் நாலு பக்கமும் சுமார் 4 மில்லிமீட்டரை விட்டுவிடும். சில இங்க்ஜெட்டுகள் அடியில் 12 மில்லிமீட்டருக்கும் மேல் விடும்.

நாம் இறக்கும் வடிவங்கள் பல அமெரிக்காவின் ‘லெட்டர்’ அளவில் இருக்கும். அதன் அகலம் 216 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210 தான். ‘Actual size’ என்று அடித்தால் பக்கவாட்டில் 6 மில்லிமீட்டருக்குத் தாளே இல்லை. ‘Fit’ என்று அடித்தால், அச்சாகும் பரப்புக்குள் அடங்கப் பக்கம் முழுதும் சுமார் 93 சதவீதமாகச் சுருங்கும். 10 புள்ளி எழுத்து 9.3 ஆகும். ஏற்கெனவே மெலிந்த எழுத்து மேலும் மெலியும். ஓரத்தில் செய்த தவறு இப்படி எழுத்தில் வந்து தெரியும்.

முதலில் பக்கத்தை ஏ4 ஆக மாற்றி, நாலு பக்கமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விடுங்கள். கோப்பில் கோத்து வைக்கும் அலுவலகம் என்றால் இடப்புறம் 25 இருக்கட்டும். பஞ்ச் செய்யும் துளையின் நடு, விளிம்பிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டரில் விழும். கடையில் ‘Actual size’ என்றே அடிக்கச் சொல்லுங்கள். அப்படி அடித்தார்களா என்று கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் போதும். இருபுறமும் 20 ஓரம் விட்டிருந்தால், பக்கம் முழுக்க ஓடும் கோடு 170 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் பக்கம் சுருங்கியிருக்கிறது.

கடைசிச் சோதனை

கோப்பை வேர்டில் கொடுத்தால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகளைக் குலைத்துவிடும். எழுத்துருவையும் உள்ளே வைத்திருக்கும் பி.டி.எஃப். ஆகக் கொண்டுபோவதே சரி. ஒரு பிரதி அடித்து, அந்தப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைப் படித்துப் பாருங்கள். ரெஸ்யூமே பல கை மாறும்போது கடைசியில் ஒருவர் பார்ப்பது அதைத்தான்.

படிக்கும்போது மின்னஞ்சலில் கண் நிற்கட்டும். வேர்ட் அதைத் தானாகவே இணைப்பாக்கி நீலத்தில் அடிக்கோடிடும். முகவரிக்குள் இருக்கும் ‘_’ குறி அந்த அடிக்கோட்டில் மறைந்து, வெறும் இடைவெளிபோல் தெரியும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் அனுப்பும் அழைப்பு உரியவருக்குப் போய்ச் சேராது. இணைப்பின் மேல் வலது சொடுக்கு செய்து ‘Remove Hyperlink’ கொடுத்தால் அடிக்கோடு போய், குறி தனியாகத் தெரியும்.