'ஆல்' வேறு, 'ஓடு' வேறு: ஆய்வு முடிவுரையில் ஒரு திருத்தம்

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவர் தனது ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "சேர், நீங்க தமிழ் படிச்சவர். சந்திப் பிழை, எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தாங்க. மத்ததெல்லாம் சரி" என்றார். வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்தேன். சந்திப் பிழை நாலைந்துதான் இருந்தது. ஆனால் முடிவுரையின் முதல் வாக்கியத்திலேயே சிவப்புப் பேனை நின்றுவிட்டது. அது பின்வருமாறு இருந்தது:

"தாய் வெளிநாடு செல்வதால் பிள்ளைகளின் கல்வி அடைவு வீழ்ச்சியடைகின்றது."

ஆய்வின் தலைப்பு: 'தாயின் வெளிநாட்டுத் தொழில் மாணவர் கல்வி அடைவில் ஏற்படுத்தும் தாக்கம்'. தரம் 9 மாணவர்களிடம் வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார். உம்மா வெளிநாட்டில் உள்ளவர்கள், வீட்டில் உள்ளவர்கள் என இரண்டாகப் பிரித்து, ஒரு தவணைப் பரீட்சையின் புள்ளிகளை ஒப்பிட்டிருக்கிறார். முதற் குழுவின் சராசரி குறைவாக இருந்தது. செய்தது இவ்வளவுதான், அதை ஒழுங்காகவும் செய்திருந்தார். விதப்புரையில், பாடசாலைப் பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்.

என் வகுப்பிலும் அப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரின் தலையில் விழப்போகும் வாக்கியம் இது என்பதால், அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

மூன்றாம் வேற்றுமையின் இரு பொருள்

மறுநாள் அவரை அழைத்து, நான் அறிந்த வழியிலேயே தொடங்கினேன். நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள் மூன்று: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. 'வாளால் வெட்டினான்' என்பதில் வாள் கருவி. 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் தச்சன் கருத்தா. இரண்டிலும் 'ஆல்' உருபு, ஒன்று மற்றொன்றை நிகழ்த்துகிறது என்கிறது. 'தந்தையோடு மகன் வந்தான்' என்பது உடனிகழ்ச்சி. இருவரும் சேர்ந்து வந்தார்கள் என்பதற்கு மேல் 'ஓடு' எதுவும் சொல்வதில்லை. தந்தை இழுத்து வந்தாரா, மகன் அழைத்து வந்தானா, இருவரையும் மூன்றாம் ஆள் ஒருவர் கூப்பிட்டாரா என்பதெல்லாம் அந்த உருபில் இல்லை.

"தம்பி, நீங்க கண்டது 'ஓடு'. எழுதியிருக்கிறது 'ஆல்'" என்றேன்.

அவர் விடவில்லை. "இல்ல சேர், வித்தியாசம் தெளிவா இருக்கு. தற்செயலா வந்ததில்ல. புள்ளிவிபரச் சோதனையும் செஞ்சிருக்கன்" என்றார்.

அது உண்மை. ஆனால் அந்தச் சோதனை, இரு குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலானதா என்பதற்கு மட்டுமே விடை தருகிறது. வித்தியாசம் எதனால் வந்தது என்ற கேள்வியை அது தொடுவதேயில்லை. இதை விளக்க, என் மகளுக்குக் கண்ணாடி போட்ட காலத்தில் நான் வாசித்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன்.

படுக்கையறை விளக்கின் கதை

1999ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற விஞ்ஞான சஞ்சிகையில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார்கள். கண் சிகிச்சை நிலையத்துக்கு வந்த 479 பிள்ளைகளின் பெற்றோரிடம், பிள்ளை இரண்டு வயதுக்குள் இருக்கும்போது இரவில் எப்படித் தூங்கியது என்று கேட்டார்கள். இருட்டில் தூங்கியவர்களில் 10 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் குறை இருந்தது. சிறு இரவு விளக்குடன் தூங்கியவர்களில் அது 34 வீதம். அறை விளக்கையே எரியவிட்டுத் தூங்கியவர்களில் 55 வீதம். வெளிச்சம் கூடக்கூடக் குறையும் கூடுகிறது. இதைவிடத் தெளிவான வித்தியாசம் கிடைப்பது அரிது.

அந்த ஆய்வாளர்கள் கவனமானவர்கள். இது காரணத் தொடர்பை நிறுவவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆனால் அதே கட்டுரையில், குழந்தைகளை விளக்கில்லாமல் தூங்க வைப்பதே உசிதம் என்ற ஆலோசனையையும் சேர்த்துவிட்டார்கள். செய்தியாக வெளியே பரவியது இந்த ஆலோசனைதான்.

அடுத்த ஆண்டே, 2000இல், அதே சஞ்சிகையில் வேறு இரு குழுக்களின் ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் விளக்குக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஒன்றில், எந்த வெளிச்சத்தில் தூங்கியிருந்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்கே குறை இருந்தது. கூடவே இன்னொன்றையும் கண்டார்கள்: கிட்டப்பார்வையுள்ள பெற்றோர்தான் பிள்ளையின் அறையில் விளக்கு வைப்பது கூடுதல். கிட்டப்பார்வையோ பரம்பரையாகவும் வரக்கூடியது. ஆகவே பெற்றோரின் கண்தான் விளக்கையும் கொண்டுவந்திருக்கலாம், பிள்ளையின் கண்ணாடியையும் கொண்டுவந்திருக்கலாம். முதல் ஆய்வு பெற்றோரின் பார்வையைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

நம் ஊரின் மூன்றாவது ஆள்

கதையைக் கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே, "அப்ப சேர், எங்கட ஊர்ல அந்தப் பெற்றோர்ட கண் மாதிரி எது?" என்று கேட்டார்.

தேடிப் போகத் தேவையில்லை. எந்த உம்மா வெளிநாடு போகிறார்? வாப்பாவுக்கு வருத்தம் வந்து தொழில் நின்ற வீடு, கடனில் மாட்டிய வீடு, கணவர் விட்டுப்போன வீடு. அந்த வீட்டுப் பிள்ளை, உம்மா பயணமாகுமுன்பே பாடசாலைக்கு ஒழுங்காக வந்திருக்காது. ரியூசனுக்கும் போயிருக்காது. அந்தக் கஷ்டம்தான் தாயை அனுப்பியது. அதே கஷ்டம்தான் புள்ளியையும் குறைத்தது என்று இருக்கக்கூடும். அப்படியானால் தாய் போகாமல் இருந்திருந்தால் புள்ளி உயர்ந்திருக்காது. இன்னும் குறைந்தும் இருக்கலாம்.

"வருமானத்தையும் கேட்டிருக்கன் சேர். ஒரே வருமானம் உள்ளவங்கள மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தா சரிதானே?" என்றார். நல்ல யோசனை. சமமானதைச் சமமானதோடு ஒப்பிடுவதுதான் இதற்கு வழக்கமான வழி. ஆனால் அவருடைய வினாக்கொத்து கேட்டது இன்றைய வருமானத்தை. அதில் உம்மா அனுப்பும் காசும் சேர்ந்திருக்கிறது. தாய் போனதன் விளைவைக் கொண்டே தாய் போகுமுன் இருந்த நிலையை அளக்க முடியாது. தேவைப்படுவது, பயணத்துக்கு முன்னர் வீடு எப்படி இருந்தது என்ற தகவல். அது அவரிடம் இல்லை. ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது. எஞ்சியது, இருக்கும் தரவுக்கு ஏற்ப மொழியைத் திருத்துவதுதான்.

வரி வரியாகத் திருத்தியது

முதலில் தலைப்பு. 'ஏற்படுத்தும் தாக்கம்' என்று வைத்தாலே, தாக்கம் உண்டு என்பது ஆய்வு தொடங்குமுன்பே முடிவாகிவிடுகிறது. நமது கல்வியியல் ஆய்வுகளில் இந்தச் சொல் பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'தாயின் வெளிநாட்டுத் தொழிலும் மாணவர் கல்வி அடைவும்: ஓர் ஒப்பீடு' என்று மாற்றினோம்.

அடுத்தது 'வீழ்ச்சியடைகின்றது'. விழுவதென்றால் முன்பு உயரத்தில் இருந்திருக்க வேண்டும். அவர் பார்த்தது ஒரே ஒரு தவணையின் புள்ளியை. முன் புள்ளி, பின் புள்ளி என்ற இரண்டு இல்லாதபோது, 'குறைவாக உள்ளது' எனலாமே தவிர 'குறைந்தது' என்றோ 'வீழ்ந்தது' என்றோ எழுத முடியாது. 'அதிகரிக்கிறது', 'முன்னேறுகிறது' போன்ற சொற்களுக்கும் இதுவே விதி.

இந்த இடத்தில் அவர் ஒரு சமரசம் சொன்னார்: "'வீழ்ச்சியை ஏற்படுத்தக்கூடும்' எண்டு போட்டா?" பலர் செய்வது இதுதான். ஆனால் 'கூடும்' என்பது உறுதியின் அளவைக் குறைக்கிறதே தவிர, சொல்லும் விடயத்தை மாற்றுவதில்லை. 'ஏற்படுத்து' என்ற வினை காரணத்தையே பேசுகிறது. கண்டுபிடிப்பைச் சொல்லும் வாக்கியத்தில் வினையே மாற வேண்டும். இறுதியில் வந்தது இது:

"இவ்வாய்வுக்குட்பட்ட தரம் 9 மாணவர்களுள், தாய் வெளிநாட்டில் தொழில் புரிவோரின் தவணைப் பரீட்சைச் சராசரி, ஏனையோரின் சராசரியை விடக் குறைவாகக் காணப்பட்டது. தாயின் பயணத்துக்கு முன்னரான குடும்பப் பொருளாதார நிலையும் மாணவரின் முன்னைய அடைவும் திரட்டப்படாமையால், இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை இத்தரவுகளைக் கொண்டு கூற இயலாது."

இதில் 'இவ்வாய்வுக்குட்பட்ட' என்ற சொல்லும் முக்கியம். எல்லாப் பிள்ளைகளையும் குறித்த வாக்கியம், கேட்கப்பட்ட பிள்ளைகள் அளவுக்குச் சுருங்கியது.

கடைசியாக விதப்புரை. 'தடுக்கவேண்டும்' என்றால், தடுத்தால் புள்ளி உயரும் என்பது உள்ளே ஒளிந்திருக்கிறது. முடிவுரையில் வெளியேற்றிய 'ஆல்' பின் கதவால் திரும்பவும் வந்துவிடும். இது வெறும் ஏட்டு விடயமும் அல்ல. 2013இல் நம் நாட்டில், வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் நடைமுறை வந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாருக்கு வழி மூடப்பட்டது. 2022இல்தான் அது தளர்த்தப்பட்டது. வேறு வருமானம் இல்லாத வீட்டில் அந்த வழியையும் அடைத்தால் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் விடை இல்லை. ஆகவே தடை பற்றிய வரியை நீக்கி, இப்பிள்ளைகளின் புள்ளி குறைவாக உள்ளதால் பாடசாலை இவர்களை இனங்கண்டு கவனிக்கலாம் என்று எழுதினோம். உதவி தேவைப்படுவோர் யார் என்று சொல்ல 'ஓடு' போதும்; காரணம் தெரிய வேண்டியதில்லை.

மறுபக்கம் சாயாமல்

இவ்வளவும் சொன்னதற்காக, 'தாய் வெளிநாடு செல்வதற்கும் அடைவுக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிவிடவும் கூடாது. தாயின் பிரிவு பிள்ளையைப் பாதித்தும் இருக்கலாம். இந்தத் தரவு அதை மறுக்கவும் இல்லை.

வெறுமனே அவதானித்துச் செய்யும் ஆய்வுகளிலிருந்து காரணத்தை ஒருபோதும் அறிய முடியாது என்பதும் சரியல்ல. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டோல், ஹில் என்ற இருவர் 1950இல் நோயாளர்களை விசாரித்துக் கண்டார்கள். அதோடு நிற்காமல், 1951 முதல் ஏறத்தாழ 40,000 வைத்தியர்களின் புகைப்பழக்கத்தை முன்கூட்டியே பதிந்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். புகைத்தல் முன், நோய் பின் என்ற வரிசை தெரிந்தது. கூடப் புகைத்தோருக்கு ஆபத்தும் கூட இருந்தது. வேறு இடங்களில் செய்த ஆய்வுகளும் அதையே காட்டின. இப்படிப் பல சேர்ந்த பின்னர்தான் அங்கே 'ஆல்' பொருந்தியது.

ஆய்வேட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது ஆசிரியரின் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. "முடிவு சின்னதாப் போயிட்டு சேர்" என்றார். இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் பழைய தவணைப் புள்ளிப் பதிவேடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். உம்மா எந்த மாதம் பயணமானார் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அதற்கு முந்திய தவணைகளின் புள்ளியையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்போகிறாராம். உம்மா வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் அதே தவணைகளை எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாடம் கடினமானதால் எல்லோருக்கும் குறைந்ததையும் பயணத்தின் கணக்கில் போட்டுவிடுவீர்கள் என்றேன். அதற்கும் ஒரு கொப்பி வாங்கி வைத்திருந்தார்.